ஒட்டு எது, போத்து எது

நேயர்களே, வணக்கம். தோட்டக்கலையில் புழங்கும் கிராஃப்டிங், கம்போஸ்ட், மல்ச்சிங், புரூனிங் ஆகிய நான்கு சொற்களுக்கும் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டார்கள். ஒட்டுக் கட்டுதல், மட்கு, மூடாக்கு, கவாத்து. சொல்லி முடித்துவிட்டேன். ஆனால் இந்த நான்கையும் சரியாகப் புரிந்துகொள்ளாமல் நான் ஒரு மாங்கன்றை இழந்தேன். அதைச் சொன்னால் இந்தச் சொற்கள் மனதில் நிற்கும் என்று நினைக்கிறேன்.

நான் வாங்கியது ஒட்டு மாங்கன்று. இரண்டு செடிகளைச் சேர்த்து ஒன்றாக வளர்த்தால் அது ஒட்டு. அடியில் இருப்பது மாங்கொட்டையிலிருந்து முளைத்த வேர்ச்செடி. மேலே இருப்பது, நல்ல பழம் தரும் தாய்மரத்தில் வெட்டிய ஒட்டுக்குச்சி. பென்சில் பருமனும் ஒரு சாண் நீளமும் இருந்தால் போதும். வெட்டுவதற்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே அதன் இலைகளைக் காம்பு மட்டும் விட்டு நறுக்கிவிடுவார்கள். அப்போது நுனிமொட்டு உப்பிக்கொண்டு துளிர்விடத் தயாராக நிற்கும். வேர்ச்செடியின் தலையை வெட்டி, தண்டை நடுவில் 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிளந்து, ஆப்பு போலச் சீவிய குச்சியை அதில் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டுவார்கள்.

பட்டைக்கு அடியில் மெல்லிய பச்சைப் படலம் ஒன்று இருக்கிறது. புதுத் திசு அங்கேதான் வளர்கிறது. இரண்டு படலங்களும் ஒரு பக்கமாவது நேருக்கு நேர் பொருந்த வேண்டும். குச்சி வேர்ச்செடியைவிட மெலிதாக இருந்தால் அதை நடுவில் வைக்காமல் ஓரமாகத் தள்ளி வைப்பது இதற்காகத்தான். ஒட்டு பிடித்தால் சில வாரங்களில் மொட்டு பச்சையாக விரியும். பிடிக்காவிட்டால் குச்சி கறுத்துச் சுருங்கிவிடும்.

இங்கே ஒரு சொல் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். விதைப் பாக்கெட்டில் ‘வீரிய ஒட்டு’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் கத்தியும் இல்லை, கட்டும் இல்லை. ஒரு ரகத்தின் மகரந்தத்தை வேறொரு ரகத்தின் பூவில் சேர்த்து எடுத்த கலப்பு விதை அது. ஒட்டுக் கத்தரி வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அவர் கேட்பது கலப்பு விதையா, வேர்ச்செடியில் ஒட்டிய நாற்றா என்று தெரியாது. கலப்புக்கு வீரிய ஒட்டு என்றும், கத்தி பட்டதற்கு ஒட்டுச்செடி என்றும் பிரித்துச் சொல்வது நல்லது. ‘கலப்பினம்’ என்றால் இன்னும் தெளிவு.

சரி, என் மாங்கன்றுக்கு வருகிறேன். குழியில் போட எரு வேண்டும் என்றார்கள். என்னிடம் பாதி மக்கிய இலைக்குப்பை இருந்தது. உரம்தானே என்று அதையே கொட்டினேன். உரம் என்பது பொதுச்சொல். மூட்டையில் வரும் யூரியாவும் உரம், தொழுவத்துச் சாணமும் உரம். மட்கு என்றால் மட்கி முடிந்தது. பேச்சில் மக்கிய உரம் என்கிறோம். முடிந்ததா என்று கையில் எடுத்தாலே தெரியும். இலை இன்ன இலை என்று அடையாளம் தெரியக்கூடாது. குவியலுக்குள் கைவிட்டால் சூடு இருக்கக்கூடாது. முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் வாசனை வர வேண்டும். பாதி மக்கியதைக் குழியில் புதைத்தால், மீதியை மட்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். கன்றுக்குப் பற்றாக்குறை. என் கன்றின் இலைகள் வெளிறியதற்குக் காரணம் இதுதான். அந்தக் குப்பை மட்கி இறங்க இறங்கக் குழி மண்ணும் உள்வாங்கியது. கன்று ஒரு விரற்கடை ஆழம் தாழ்ந்துவிட்டது.

அதே இலைக்குப்பையை மண்ணுக்கு மேலே பரப்பியிருந்தால் ஒரு கெடுதலும் வந்திருக்காது. அதற்குப் பெயர் மூடாக்கு. மண்ணை மூடி ஈரத்தைக் காக்கிறது, களையை அடக்குகிறது. மேலே கிடப்பதால் மண்ணின் தழைச்சத்தைப் பெரிதாகத் தொடுவதில்லை. ஒரே இலைதான்; குவித்து மட்கவைத்தால் மட்கு, மேலே பரப்பினால் மூடாக்கு. 5 முதல் 10 சென்டிமீட்டர் கனம் போதும். தண்டைச் சுற்றி ஒரு கையகலம் மட்டும் வெறுமையாக விட வேண்டும். நான் அதை விடவில்லை. தாழ்ந்துபோன கன்றின் தண்டை அணைத்தாற்போல வைக்கோலைக் குவித்தேன். ஒட்டுப் போட்ட இடம் அதற்குள் மறைந்துவிட்டது. ஈரத்திலேயே கிடந்த பட்டை மெல்ல அழுகத் தொடங்கியது.

அடுத்த ஆண்டு வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு கிளை நிமிர்ந்து வந்தது. நல்ல செழிப்பு. பக்கத்தில் பழைய கிளை மெலிந்து நின்றது. கவாத்து செய்ய வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கவாத்து என்றால் நோஞ்சான் கிளையை வெட்டுவது என்று எண்ணி, அந்த மெலிந்ததை வெட்டி எறிந்தேன். நான் வெட்டியதுதான் ஒட்டு. மிச்சம் நின்றது வேர்ச்செடியின் போத்து.

போத்து என்ற சொல்லில் கவனம் வேண்டும். முருங்கைப் போத்து என்றால் நடுவதற்காக வெட்டிய கிளைத்துண்டு. நீர்ப்போத்து என்றால் காய்க்காமல் நெட்டுக்குத்தாகச் சத்தை உறிஞ்சி வளரும் கிளை. முதலாவதை நட வேண்டும், இரண்டாவதை நீக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் போத்தையோ, விரல்நீளம் வருவதற்குள் கையாலேயே கிள்ளி எடுத்துவிட வேண்டும்.

கவாத்து என்பதும் வெறும் வெட்டு அல்ல. காவலர் அணிவகுப்புப் பயிற்சிக்கும் இதே சொல்தான். வரிசைப்படுத்தும் அந்தப் பொருளை நினைவில் வைத்தால் செடியிலும் வேலை விளங்கும். எதை எடுப்பது என்பதைவிட, எந்தக் கிளை எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று முதலில் தீர்மானிக்கிறோம். கிளையைத் தண்டோடு ஒட்டச் சீவவும் கூடாது, முளைக்குச்சி போலத் துருத்தவிடவும் கூடாது. கிளை தண்டில் சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த வளையம் தெரியும். அதை விட்டு வெளிப்பக்கமாக வெட்டினால் காயம் தானே மூடும். ஒட்டுச்செடியில் அதற்கு முன் செய்ய வேண்டியது, குனிந்து ஒட்டுத் தழும்பைத் தேடுவது. தண்டு சற்று வீங்கி, அல்லது லேசாக வளைந்து, மேலும் கீழும் பட்டையின் நிறம் மாறித் தெரியும். தழும்புக்கு மேலே இருப்பதுதான் நாம் விலை கொடுத்து வாங்கிய மரம்.

கொட்டையிலிருந்து வந்த வேர்ச்செடி எப்படிக் காய்க்கும் என்று சொல்ல முடியாது. காய்க்கவே பல ஆண்டுகள் ஆகும். அதனால் நான் அதை இடுப்பளவில் அறுத்தேன். அறுத்த இடத்துக்குக் கீழே துளிர்கள் வந்தன. அவை பென்சில் பருமன் ஆனதும் மூன்றை மட்டும் விட்டு, தெரிந்த ஒருவரின் மரத்திலிருந்து குச்சி வாங்கி மூன்றிலும் ஒட்டுக் கட்டினேன். அப்புறம் வைக்கோலை விலக்கித் தண்டைச் சுற்றி ஒரு கையகலம் விட்டேன். மூன்றில் இரண்டு பிடித்தன. நன்றி, வணக்கம்.