களை பிடுங்கலாம், கோரிக்கையைப் பிடுங்கக் கூடாது

(பெருந்துறைப் பக்கத்துக் கிராமமொன்றின் நூலக வாசகர் வட்டத்தில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவி அம்மா அவர்களே, வெயில் என்றும் பாராமல் வந்திருக்கும் பெரியதனக்கார அய்யா அவர்களே, பால் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் அவர்களே, எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த புலவர் அய்யா அவர்களே! அய்யா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதால் சந்திப்பிழை வராமல் பேச வேண்டும் என்ற பயம் எனக்கு உண்டு. இந்தக் கூட்டத்துக்கு இடம் கொடுத்து, மின்விசிறியும் போட்டு, சுக்குக் காப்பிக்கும் ஏற்பாடு செய்த நூலகர் அம்மாவுக்கு முதல் நன்றி. பந்தல் போட்ட இளைஞர்களுக்கு இரண்டாவது நன்றி. யார் பெயராவது விட்டுப் போயிருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். பெயர் விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் கொஞ்ச நேரத்தில் சொல்லப் போகிறேன்.

நீளமாக எழுதிய ஒரு மனுவை, கேட்டதில் ஒன்றும் விட்டுப்போகாமல் எப்படிச் சுருக்குவது என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று சங்கதி சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். எதை வெட்டுவது, வெட்டிய பிறகு எப்படிச் சரிபார்ப்பது, மூன்றாவதாகக் கைபேசிச் செய்தியில் தமிழ் எழுத்தை எப்படி எண்ணுவது.

'களை பிடுங்காப் பயிர் கால் பயிர்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். மனுவும் அப்படித்தான். சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தால் படிக்கிற அதிகாரிக்குக் கோரிக்கை கண்ணில் படாது. ஆனால் களைவெட்டி கையில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் வெட்டிவிடவும் முடியாது. நன்னூல் செய்த பவணந்தியார் நம் சீனாபுரத்துக்காரர் என்று இந்தப் பக்கம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அவர் நூலுக்குப் பத்துக் குற்றம் சொன்னார். அதில் மூன்றாவது 'கூறியது கூறல்'. முதலாவது என்ன தெரியுமா? 'குன்றக் கூறல்'. சொல்ல வேண்டியதைக் குறைத்துவிடுவது. வரிசையில் எது முன்னால் நிற்கிறது என்று பாருங்கள். புலவர் அய்யா தலையாட்டுகிறார், சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் போல.

தந்திக் காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன். தந்தி 2013 ஜூலையோடு நின்றுபோனது, இங்கே இருக்கிற பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. அதனால் தந்தி கொடுக்கிறவன் ஒவ்வொரு சொல்லையும் விரலை மடக்கி எண்ணுவான். என் பெரிய மாமன் ஒருத்தர் தம்பிக்குப் பெண் பார்க்கக் கரூர்ப் பக்கம் போனார். பெண் பிடித்துவிட்டது, ஜாதகம் பொருந்திவிட்டது, வெள்ளிக்கிழமையே உப்புச் சர்க்கரை மாற்றிக்கொள்ளலாம் என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். மாமனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நேராகத் தபால் ஆபீசுக்குப் போய் ஒரு முழுத் தாளில் எழுதினார். பெண் பிடித்துவிட்டது, நல்ல குடும்பம், தோட்டம் துரவு இருக்கிறது, எருமை மட்டும் பத்துக்குக் குறையாது, வெள்ளிக்கிழமை எல்லாரும் கிளம்பி வரவும், பூ பழம் தேங்காய் கொண்டு வரவும், பெரியப்பாவைக் கையோடு கூட்டி வரவும், அருமைக்காரருக்குச் சொல்லி அழைத்து வரவும், எல்லாரும் கட்டாயம் வரவும் என்று.

கவுண்டரில் இருந்தவர் நல்ல மனுசர். 'ஏனுங்க, இவ்வளவுக்கும் காசு கட்டினா ஒரு எருமை வித்தாகணுமுங்க' என்றாராம். பேனாவை எடுத்து எருமையை அடித்தார். தோட்டத்தை அடித்தார். 'நல்ல குடும்பம்' போனது. 'எல்லாரும்' இரண்டு இடத்தில் வந்திருந்தது, ஒன்றை அடித்தார். அதுவரைக்கும் அவர் செய்ததில் ஒரு குற்றமும் கிடையாது. அப்புறம், 'எல்லாரும் வரவும்னு போட்டாச்சுங்க, அதுல பெரியப்பாவும் அடக்கம் தானுங்களே' என்று அந்த வரியையும் அடித்துவிட்டார். மாமனும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

தந்தி வந்து சேர்ந்தது. வீட்டில் எல்லாரும் கிளம்பினார்கள். பூ வந்தது, பழம் வந்தது, அருமைக்காரர் தலைப்பாகையோடு வந்தார். பெரியப்பா மட்டும் திண்ணையை விட்டு எழவில்லை. 'என் பேரு அதுல எங்கய்யா இருக்குது?' என்று ஒரே கேள்வி. படித்த பையன் ஒருத்தன் எல்லாரும் என்றால் நீங்களும்தான் தாத்தா என்று விளக்கப் போய், அவனுக்கும் இரண்டு திட்டு விழுந்தது. உப்புச் சர்க்கரைக்கும் வரவில்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை. முதல் பிள்ளைக்குக் காது குத்தும்போது மாமன் நேரில் போய்த் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூப்பிட்ட பிறகுதான் வந்தார். வந்தவர் பந்தியில் உட்கார்ந்ததும் கேட்டது, 'அந்தத் தந்தி இன்னும் இருக்குதா?'

சிரிக்கிறீர்கள். அந்தத் தபால் ஆபீஸ்காரர் எங்கே தவறினார் என்று பாருங்கள். 'எல்லாரும்' இரண்டு தடவை வந்தது மெய்யான திரும்பக் கூறல். எதை அடித்தாலும் செய்கிற வேலை மாறாது. 'பெரியப்பாவைக் கூட்டி வரவும்' அப்படியில்லை. வீட்டுக்காரர்கள் அவர் வாசலுக்குப் போய்க் கூப்பிட வேண்டும் என்ற தனி வேலை அது. இந்த வரியை அடித்தால் யாராவது செய்ய வேண்டிய வேலை ஒன்று குறையுமா என்று கேளுங்கள். குறைந்தால் அது கோரிக்கை, தொடாதீர்கள். குறையாவிட்டால் அடிக்கலாம்.

இனி நம் ஊர் விசயத்துக்கு வருகிறேன். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கியது. பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரி நீரை எடுத்து 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுக்கிற திட்டம். நல்ல திட்டம், ஒரு தலைமுறை போராடி வாங்கியது. ஆனால் விடுபட்ட குளங்கள் இன்னும் இருக்கின்றன, நம் குளமும் அதில் ஒன்று. அதற்காக நம் தோட்டத்துக்காரர் ஒருவர் எழுதிக் கொண்டுவந்த மனுவின் முதல் பத்தி இது. முதல் பத்தி முப்பது சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்று நாங்கள் ஓர் அளவு வைத்திருக்கிறோம். இது 67 சொல்.

"எங்கள் ஊர்க் குளம் பல ஆண்டுகளாக வறண்டு கிடக்கிறது. பல வருடங்களாகக் குளத்தில் தண்ணீர் இல்லாததால் கிணறுகள் எல்லாம் வற்றிவிட்டன. ஆகையால் விடுபட்ட எங்கள் குளத்தை அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் சேர்க்க வேண்டும். குளத்துக்கு வரும் ஓடையில் சீமைக்கருவேல மரங்கள் மண்டியிருப்பதால் மழைநீரும் வருவதில்லை, அவற்றை ஐப்பசி மழைக்கு முன் அகற்ற வேண்டும். குளம் வறண்டிருப்பதால் ஆடு மாடுகளுக்கும் தண்ணீர் இல்லை. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து எங்கள் குளத்தைத் திட்டத்தில் சேர்த்துத் தண்ணீர் விட வேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மதகு உடைந்திருப்பதால் வருகிற கொஞ்சத் தண்ணீரும் நிற்பதில்லை. போன மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை."

வெட்டுவதற்கு முன்னால் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கோரிக்கையை எண்ண வேண்டும். 'வேண்டும்' என்று கேட்கிற வரி மூன்றுதான் இருக்கிறது, அதை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். மதகு உடைந்திருக்கிறது என்பது பார்வைக்குப் புகார், உள்ளே இருப்பது சரிசெய்யச் சொல்கிற கோரிக்கை. பதில் வரவில்லை என்பதும் அப்படித்தான், பதில் கொடுங்கள் என்று கேட்கிறார். மனுவின் கடைசியில் ஆதங்கமாக வந்து விழுகிற வரிகளில்தான் இந்த மாதிரிக் கோரிக்கை ஒளிந்திருக்கும். சுருக்குகிறவர்கள் முதலில் அடிப்பதும் அந்த வரிகளைத்தான்.

'திட்டத்தில் சேர்க்க வேண்டும்' இரண்டு தடவை வருகிறது, ஒன்றை அடிக்கலாம். ஆனால் இரண்டாவது தடவை 'தண்ணீர் விட வேண்டும்' என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பட்டியலில் பெயர் ஏறுவது ஒரு வேலை, குழாயில் தண்ணீர் வந்து விழுவது வேறு வேலை. பெரியப்பா கதைதான். ஆக, கோரிக்கை ஐந்து. ஒன்றோடு 'ஐப்பசி மழைக்கு முன்' என்ற கெடுவும் இருக்கிறது, அதை விட்டுவிட்டால் அடுத்த சித்திரையில் வந்து வெட்டினாலும் கோரிக்கையை நிறைவேற்றியதாகக் கணக்கு எழுதிவிடுவார்கள்.

வறட்சியை மூன்று வாக்கியத்தில் சொல்லியிருக்கிறார். குளம், கிணறு, கால்நடை மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடலாம். களை பிடுங்காப் பயிர் கால் பயிர், இங்கே தாராளமாகப் பிடுங்குங்கள். 'தயவுகூர்ந்து', 'பணிவுடன்' எல்லாம் மனுவின் அடியில் ஒருமுறை இருந்தால் போதும். இப்போது பாருங்கள்:

"எங்கள் குளமும் கிணறுகளும் பல ஆண்டுகளாக வறண்டுள்ளன, கால்நடைக்கும் தண்ணீரில்லை. (1) குளத்தை அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் சேர்க்கவும். (2) தண்ணீர் விடவும். (3) ஓடைச் சீமைக்கருவேலத்தை ஐப்பசி மழைக்கு முன் அகற்றவும். (4) உடைந்த மதகைச் சரிசெய்யவும். (5) முந்தைய மனுவுக்குப் பதில் தரவும்."

எண்களை விட்டுவிட்டு எண்ணினால் 27 சொல். 'எங்கள்' என்பதை எடுத்துவிட்டுக் குளத்தின் பெயரைப் போடலாம், கணக்கு மாறாது. மிச்சமிருக்கிற மூன்றில் குளத்தின் புல எண், பழைய மனுவின் எண், அதன் தேதி. சரியாக முப்பது. சொல் மிச்சமானால் கும்பிடு போடுவதற்குச் செலவு செய்யாதீர்கள், அடையாளம் காட்டுவதற்குச் செலவு செய்யுங்கள்.

சிலர் கணக்குக்காக 'மேற்கண்ட குறைகளைக் களைய ஆவன செய்யவும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். படு மோசம். 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வரும், எது செய்யப்படும் என்று கேட்க வாய் இருக்காது. எண் போட்டுக் கேட்டால் நான்காவதற்குப் பதில் எங்கே என்று கேட்கலாம்.

சரிபார்ப்பதை ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நீளமான தாளைப் பார்க்காத ஒருவரிடம் சுருக்கின தாளைக் கொடுத்து, 'இதில் என்னென்ன கேட்டிருக்கிறோம்?' என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஐந்து வந்தால் சரி. நான்கு வந்தால் அவர்மேல் தப்பில்லை, தாளில்தான் தப்பு. எழுதினவரே படித்துச் சரிபார்த்தால் இல்லாததும் அவர் கண்ணுக்குத் தெரியும்.

எவ்வளவு வெட்டினாலும் அளவுக்குள் அடங்காத மனுவும் உண்டு. களையெல்லாம் போய்க் கோரிக்கை மட்டும் நிற்கும்போதும் நீளமாக இருந்தால், வெட்டுவதை நிறுத்திவிட்டு மனுவை இரண்டாகப் பிரியுங்கள், இல்லையென்றால் விவரத்தை இணைப்பில் வையுங்கள். தகவல் உரிமைச் சட்டத்துக்கான மத்திய அரசின் 2012 விதிகள் விண்ணப்பம் சாதாரணமாக 500 சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. இணைப்புகள் அந்தக் கணக்கில் வராது. அளவு மீறியது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுபடி செய்யவும் கூடாது.

மூன்றாவது சங்கதிக்கு நேரமில்லை, தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறிதான், 'க' ஒரு குறி, அதன் கொம்பும் காலும் சேர்ந்து இன்னொரு குறி, ஆக 'கொ' என்பதே இரண்டு குறி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மற்றதை நூலகர் அம்மா இன்னொரு கூட்டம் போட்டால் பேசுகிறேன்.

வாசலில் மேசைமேல் இந்த மனு இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாளுக்கு எடுத்துப் போகிறோம், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பப் போவதில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்திருந்தால் உங்கள் ஊரில் விடுபட்ட குளத்துக்குத் தனி மனு எழுதித் தருகிறோம். புல எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். பெயர் எழுதும்போது வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் பெயரையும் தனியாக எழுதுங்கள்.