மூடிக்கு மூடி, பெட்டிக்குக் காசு

வணக்கம் உறவுகளே! மாங்காய்ச் சட்னி வீடியோ எங்கே, எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பதில் இந்த மேசையில்தான் கிடக்கிறது. கொழும்பிலிருந்து எடுப்பித்த போத்தல் மூடிகள். பாதி நல்லது, பாதி சனியன்.

10 பெட்டி கேட்டிருந்தேன், ஒரு பெட்டியில் 48 கண்ணாடிப் போத்தல். மூடிகள் தனியாக இரண்டு பைகளில், பைக்கு 240. லொறி கோண்டாவிலுக்கு வந்து இறக்கினால் பெட்டி 9தான். டிரைவர் அண்ணை, "கையெழுத்தை வையுங்கோ, மிச்சத்தைக் கொம்பனியோட கதையுங்கோ" என்று அவசரப்படுத்தினார். நான் விடுவேனா? டெலிவரி நோட்டின் இரண்டு பிரதியிலும் "9 பெட்டி மட்டும் கிடைத்தது" என்று எழுதி, அவருடைய கையெழுத்தையும் வாங்கிக்கொண்டுதான் என்னுடையதை வைத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். போகட்டும். அந்த ஒரு வரி இல்லையென்றால், "பத்தும் கிடைத்தது என்று நீங்கள்தானே கையெழுத்து வைத்தீர்கள்" என்று முடித்துவிடுவார்கள்.

அடுத்தது மூடி. புதுச் சாமான் வந்தால் நான் சுடுதண்ணீர் ஊற்றிப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும், சிரிப்பவர்கள் இன்றைக்கும் சிரிக்கலாம். போத்தலை முதலில் இளஞ்சூட்டில் கழுவிக்கொள்வேன், இல்லாவிட்டால் கண்ணாடி வெடிக்கும். கொதிதண்ணீர் நிறைத்து, இறுக மூடி, ஆறவிடுவேன். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி மூடியின் நடுக்குமிழ் கீழே இழுபட வேண்டும். பாதிப் போத்தலில் குமிழ் மேலேயே நின்றது, அமத்தினால் டிக் டிக் என்றது. கவிழ்த்து வைத்தால் கடதாசி நனைந்தது.

உடனே போன் எடுத்துக் கத்தவில்லை. பிழை போத்தலிலா மூடியிலா என்று தெரிய வேண்டுமே! போன முறை மிஞ்சிய பழைய மூடிகளைப் புதுப் போத்தலுக்குப் போட்டேன், ஒழுகவில்லை. புது மூடியைப் பழைய போத்தலுக்குப் போட்டேன், ஒழுகியது. அப்ப கள்ளன் மூடிதான். உள்ளே பார்த்தால், போத்தல் வாயில் பதிய வேண்டிய மெத்தென்ற வளையம் ஒரு பக்கத்தில் முழுதாகப் படியவேயில்லை. கண்ணாடியைத் திருப்பி லொறி ஏற்றத் தேவையில்லை என்றானதும் எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது.

ஓ, ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்! பைகளில் எந்தத் தொகுதியில் செய்த மூடி என்று காட்டும் லொட் நம்பர் ஒட்டியிருக்கும், அதைக் கிழித்து எறியாதீர்கள். இரண்டு பையிலும் வேறு வேறு நம்பர். ஒழுகியதெல்லாம் ஒரே பை. நம்பரையும் வளையத்தையும் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் கொம்பனியின் விற்பனைத் தம்பியின் குரல் இறங்கியது.

"அக்கா, எல்லாத்தையும் அடுத்த பில்லில கழிச்சு விடுறம்" என்றார். கேட்க நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் மாங்காய் அடுத்த பில் வரும்வரை மரத்தில் காத்திருக்காது. அதனால் பிரித்துக் கேட்டேன். 240 மூடிக்கும் உடனே மாற்று மூடி, வேறு லொட்டில். குறைந்த பெட்டிக்கு மட்டும் அடுத்த பில்லில் கழிக்கும் கிரெடிட், ஏனென்றால் எப்படியும் அடுத்த மாதம் போத்தல் எடுக்கத்தான் போகிறேன். மூடி பாரமில்லாத சாமான், இரவு பஸ்ஸில் பார்சலாகப் போடலாம். அந்தக் கூலியும் அவர்களுடையது என்றேன். கொஞ்சம் இழுத்தார், பிறகு சரி என்றார்.

இப்ப என் வெற்றியைக் கேளுங்கள். கிரெடிட் நோட் வந்தது, 4,800 ரூபாய். ஒரு போத்தல் 100, 48 போத்தல், கணக்குச் சரிதானே? சரியில்லை! நான் காசு கட்டிய பில்லில் அதன்மேல் 18 சதவீதம் வற் வரி. 4,800க்கு 864 ரூபாய். நான் வற் பதிவு இல்லாத சின்ன ஆள், அந்த வரியை எங்கேயும் திருப்பி எடுக்க முடியாது. வராத பெட்டிக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்? 864 ரூபாய் மக்களே! அதைச் சொன்னதும் அந்தப் பக்கம் அமைதி, பிறகு "கணக்குப் பகுதியில கேட்டுச் சொல்லுறன்". மறுபடி வந்த நோட்டில் 5,664. அம்மாவிடம் காட்டினேன், பக்கத்து வீட்டு மாமியிடமும் காட்டினேன், இதோ உங்களுக்கும் காட்டுகிறேன்.

இந்த மூலையைப் பாருங்கள், பழைய பில் நம்பர் இருக்கிறது. அது இல்லாமல் எது எதற்காகக் கழிகிறது என்று அடுத்த மாதம் ஒருவருக்கும் ஞாபகம் இராது. கீழே "6 மாதம்" என்று போட்டிருக்கிறது, அதற்குள் பாவிக்க வேண்டும்.

மாற்று மூடிகள் வந்துவிட்டன. சுடுதண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், குமிழ் அழகாய் இறங்கியது. பழுது மூடிகளை "எறிஞ்சு விடுங்கோ அக்கா" என்று தம்பி போனில் சொன்னார். போனில் சொன்னதை நம்பி நான் எறிய மாட்டேன், எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதுவரை சிவப்புப் பேனாவால் "பழுது" என்று எழுதிய பையோடு கட்டிலுக்குக் கீழே கிடக்கட்டும். நாளைக்கு மாங்காய் வெட்டுகிறேன்.