விலை உயர்ந்த சென்ற்றும் அதற்குள் இருக்கும் நாலு யூரோவும்

வணக்கம் நேயர்களே.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில், கிளிநொச்சியிலும் சரி, புதுக்குடியிருப்பிலும் சரி, கண்ணாடி அலுமாரிக்குள் இரண்டு மூன்று சென்ற் போத்தல்களாவது நிற்கும். அதில் ஒன்று 80 யூரோ என்பார்கள். இன்னொன்றை, "அதைத் தொடாதே, 220 யூரோ" என்று பின்னுக்குத் தள்ளி வைத்திருப்பார்கள். முதலாவது எல்லா விமான நிலையக் கடைகளிலும் கிடைக்கிற பெரிய கொம்பனிச் சரக்கு. இரண்டாவதை 'நிஷ்' வகை என்கிறார்கள். சிறிய நிறுவனம் குறைந்த எண்ணிக்கையில் செய்து, தெரிந்தெடுத்த சில கடைகளில் மட்டும் விற்பது. இரண்டிலும் இருப்பது வாசனைத் தண்ணீர்தானே, ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று என்னிடம் கேட்பவர்கள் நிறையப் பேர். நான் ஷார்ஜாவில், வாசனை எண்ணெயை அற்ககோலில் கலந்து போத்தலில் அடைக்கிற ஆலையில் நெடுங்காலம் இருந்தவன். அதனால்தான் இன்று இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் இருக்கிறேன்.

உள்ளே இருக்கும் திரவத்தில் இருந்தே தொடங்குவோம். சென்ற் என்பது பெரும்பகுதி அற்ககோல். அதில் கரைந்திருக்கிற நறுமண எண்ணெய்தான் மணக்கிறது. 100 மில்லிலீற்றர் போத்தலில் இருக்கும் திரவம் ஏறத்தாழ 85 கிராம் நிறை வரும். 80 யூரோ போத்தலில் எண்ணெய் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு என்று வைத்தால் 10 கிராம். பெரிய கொம்பனிகள் இந்த எண்ணெயைத் தாங்களே செய்வது குறைவு. ஜிவோடான், டி.எஸ்.எம்.-ஃபிர்மனிஷ், சிம்ரைஸ், ஐ.எஃப்.எஃப். என்று உலகத்தில் நாலு பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றிடம் சம்பளம் பெறும் வாசனைக் கலைஞர்கள் கலவையை உருவாக்கிக் கொடுக்க, கொம்பனி கிலோ கணக்கில் வாங்குகிறது. கிலோ இத்தனை யூரோவுக்குள் முடிய வேண்டும் என்று தொடக்கத்திலேயே ஒரு வரம்பும் போட்டுவிடும். கிலோ 60 யூரோ என்று வையுங்கள். 10 கிராமுக்கு 60 சதம். அற்ககோல் இன்னும் ஒரு 20 சதம். ஆகத் திரவம் 80 சதம்.

80 யூரோப் போத்தலில் 80 சதம். நூற்றில் ஒன்று.

சரி, மற்றப் போத்தலுக்கு வருவோம். அதில் எண்ணெய் கூடுதலாக இருக்கும். நூற்றுக்கு இருபது என்று வைப்போம். அப்படியென்றால் 17 கிராம். கிலோ வரம்பும் தாராளம், 250 யூரோ என்று வையுங்கள். 17 கிராமுக்கு 4 யூரோ 25 சதம், அற்ககோலையும் சேர்த்தால் நாலரை யூரோவுக்குக் கிட்ட வரும். இவை கணக்குக்காக நான் எடுத்த எண்கள். ஒவ்வொரு கலவைக்கும் ஏறும், இறங்கும். ஆனால் தொழிலில் நான் பார்த்தவை இந்தச் சுற்றுவட்டத்துக்குள்தான் நின்றன.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. விலை கூடிய போத்தலுக்குள் இருப்பது உண்மையிலேயே விலை கூடிய திரவம், ஐந்து மடங்குக்கு மேல். அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. அதே நேரம் 220 யூரோவில் அந்தத் திரவம் நாலரை யூரோ, நூற்றில் இரண்டு. மிச்சம் இருநூற்றுப் பதினைந்து யூரோ எங்கே போனது?

அதற்குள் ஒரு விஷயம். நல்ல பூவை வடித்துச் செய்தது, அதனால்தான் விலை என்று உடனே சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம்முடைய ஆட்களுக்கு மல்லிகையின் பெறுமதி தெரியும், அதனால் நம்பவும் செய்வார்கள். மதுரை, கோயம்புத்தூர்ப் பக்கத்து மல்லிகையில் இருந்து எடுக்கிற சாறு இன்றைக்கும் உலகத்து வாசனை நிறுவனங்களுக்குப் போகிறது. ஒரு கிலோ சாறு எடுக்க ஏறத்தாழ 700 கிலோ பூ வேண்டும். விலை கிலோவுக்கு ஆயிரக்கணக்கான யூரோ. கேட்கத் தலை சுற்றும். ஆனால் போத்தலுக்குள் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். நான் சொன்ன 17 கிராம் எண்ணெயில் நூற்றுக்கு ஒரு பங்கு மல்லிகைச் சாறு போட்டால் அதுவே கைதாராளம். அது 0.17 கிராம். கிராம் 4 யூரோ என்றாலும் 70 சதத்துக்குள் முடிந்துவிடும். பூவாகப் பார்த்தால் 120 கிராம் மல்லிகை. ஒரு கலியாணப் பெண்ணின் கொண்டைக்கு வைக்கிற பூவுக்கே அது காணாது. மிச்ச மல்லிகை வாசத்தை ஹெடியோன் மாதிரி ஆய்வுகூடத்தில் செய்த பொருட்கள் தருகின்றன. 1966இல் டியோரின் 'ஓ சவாஜ்' வந்ததில் இருந்து ஹெடியோனைப் போடாத கொம்பனியைத் தேடிப்பிடிக்க வேண்டும். ஊத், அதாவது அகில், என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

இன்னும் தெளிவான உதாரணம் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 'ஐசோ ஈ சூப்பர்' என்று ஒரு செயற்கைப் பொருள். ஐ.எஃப்.எஃப். நிறுவனம் 1970களில் கொண்டுவந்தது. உலர்ந்த மரம் மாதிரி மெல்லிய வாசம். பெரிய கொம்பனிகளின் சென்ற்களில் தாராளமாகப் போடுகிற, விலை குறைந்த சரக்கு. 2006இல் கெசா ஷோன் என்ற ஜெர்மானிய வாசனைக் கலைஞர் என்ன செய்தார் தெரியுமா? வேறு எதையும் சேர்க்காமல் அதை மட்டும் அற்ககோலில் கரைத்து, 'மொலிக்கியூல் 01' என்று பெயர் வைத்து, நிஷ் வகையாக விற்றார். உள்ளே இருப்பது இது ஒன்றுதான் என்பதை அவர் மறைக்கவே இல்லை, அதைச் சொல்லித்தான் விற்றார். 100 மில்லிலீற்றர் போத்தலில் இருக்கும் அந்தப் பொருளுக்கு ஒன்றிரண்டு யூரோ வரும், அவ்வளவுதான். போத்தல் விலை நூறு யூரோவுக்கு மேல். சனம் வாங்கியது, இன்றும் வாங்குகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சிலருடைய மூக்குக்கு அந்த வாசம் எட்டவே எட்டாது. காசு கொடுத்தவருக்கு ஒன்றும் மணக்காது, பக்கத்தில் நிற்கிறவர் "நல்ல வாசமாக இருக்கிறதே, என்ன போட்டாய்?" என்று கேட்பார்.

அப்புறம் அந்த இருநூற்றுப் பதினைந்து யூரோ. ஐரோப்பியக் கடையில் 220 யூரோ என்றால் அதற்குள் விற்பனை வரி இருக்கிறது. பிரான்சில் அது நூற்றுக்கு இருபது. வரியைக் கழித்தால் 183. அதில் பாதியைக் கடை எடுத்துக்கொள்ளும். வாடகை, வேலையாள், விற்காமல் நிற்கிற சரக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். மிச்சம் 92. நடுவில் ஒரு விநியோகஸ்தர் இருந்தால் அதில் மூன்றில் ஒன்றை அவர் எடுப்பார். நிறுவனத்தின் கைக்கு 60 யூரோ வந்து சேரும். போத்தல், பம்ப், மூடி, பெட்டி, அடைக்கும் கூலி, பாதுகாப்புச் சோதனை, மாதிரிக் குப்பிகள், சம்பளம், இலாபம் எல்லாம் அதற்குள். திரவமும் அதற்குள்தான்.

இங்கேதான் அந்த மூடிக் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆலைக்கு ஒரு சிறிய நிறுவனத்தின் உரிமையாளர் வந்திருந்தார். முதல் தொகுதி அறுநூறு போத்தல்தான். எண்ணெயை முகர்ந்து பார்த்தார், தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார். அது கால்மணி நேரத்தில் முடிந்த வேலை. பிறகு மூடியைக் கையில் எடுத்தார். பாரம் போதாது என்றார். வெளியே தெரியாமல் உள்ளே ஒரு இரும்புத் துண்டை வைத்துக் கொடுத்தோம். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றார். பிறகு காந்தம். போத்தலுக்குக் கிட்டக் கொண்டுபோனதும் மூடி தானாகப் போய் 'டக்' என்று ஒட்ட வேண்டும். அந்த 'டக்' சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார். இது மெல்லிசு, இது தகரச் சத்தம், இதுதான் சரி என்று ஒன்றைப் பிடித்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. எங்கள் மேற்பார்வையாளர் மலையாளி. அவர் மெதுவாக என் பக்கம் திரும்பி, "மூடிக்குப் போன காசு எண்ணெய்க்குப் போகவில்லையடா" என்றார். கணக்குப் பார்த்தோம், சரிதான்.

ஆனால் அந்த மனிதரைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. கடைக்கு வருகிறவர் முதலில் கையில் தூக்கிப் பார்ப்பது போத்தலை. பாரமில்லாத ஒன்றுக்கு 220 யூரோ கொடுக்க எவருக்கும் கை வராது. அது அவருக்குத் தெரியும்.

அறுநூறு போத்தல் என்று சொன்னேன் அல்லவா, அந்த எண்ணிக்கைதான் உண்மையான காரணம். கலியாணக் காட் அடித்தவர்களுக்கு விளங்கும்: நூறு காட் அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அச்சுக்கான செலவு ஒன்றுதான். கண்ணாடிப் போத்தலுக்குத் தனி வார்ப்பு செய்ய 50,000 யூரோ என்று வையுங்கள். ஐந்து லட்சம் போத்தலுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 10 சதம். இரண்டாயிரத்துக்குப் பகிர்ந்தால் 25 யூரோ. அதனால்தான் சிறிய நிறுவனங்கள் பட்டியலில் இருக்கிற பொதுப் போத்தலை வாங்கி, மூடியில் தங்கள் அடையாளத்தைக் காட்டுகின்றன. ஐரோப்பாவில் ஒவ்வொரு கலவைக்கும் பாதுகாப்பு மதிப்பீடு கட்டாயம். அந்தச் செலவும் அப்படியே. பெரிய கொம்பனி நடிகைக்கும் விளம்பரத்துக்கும் கோடிக்கணக்கில் கொட்டுகிறது, ஆனால் அது லட்சக்கணக்கான போத்தல்களுக்குப் பிரிகிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். வழியில் நிற்கிற ஒவ்வொருவரும் தங்கள் பங்கை வீதமாகத்தான் எடுக்கிறார்கள். ஆகவே உள்ளே ஒரு யூரோ கூடினால் கடைத்தட்டில் நாலு யூரோவுக்குக் கிட்டக் கூடும். நம்முடைய இரண்டு போத்தலுக்கும் திரவ வித்தியாசம் 3 யூரோ 70 சதம். கடைத்தட்டில் அது 14 யூரோவுக்குக் கிட்ட ஆகிவிடும். விலை வித்தியாசம் 140. ஆக, நல்ல எண்ணெய் போட்டதற்கு என்று நியாயமாகச் சொல்லக்கூடியது அதில் பத்தில் ஒன்று. மற்ற ஒன்பது பங்கும் சிறு எண்ணிக்கைக்கும், மூடிக்கும், கடைக்கும், விலை கூடினால்தான் வாங்குவேன் என்கிற ஆளுக்கும். சிறு எண்ணிக்கை என்ற காரணம்கூட எல்லா இடத்திலும் நிற்காது. பெயர் பெற்ற நிஷ் நிறுவனங்கள் பல இப்போது பெரியவர்களின் கையில். 2014இல் எஸ்டே லோடர் 'லே லாபோ'வை வாங்கியது, 2023இல் 'கிரீட்' கெரிங்கிடம் போனது. எண்ணிக்கை கூடிவிட்டது, விலை இறங்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார். நகல் சென்ற் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், ஓடி ஓடிச் சொல்கிறேன். ஒரு கலவையில் என்னென்ன இருக்கிறது என்பதை இன்றைக்கு இயந்திரத்தில் பிரித்துப் பெரும்பகுதியைக் கண்டுபிடிக்கலாம். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. 2006 ஜூனில் ஒரே வாரத்தில், வாசனைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று பிரான்சின் உச்ச நீதிமன்றமும், உண்டு என்று நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லின. பெயரையும் போத்தலையும் திருடாமல், தன் பெயரில், "இதே மாதிரி வாசம்" என்று 20 யூரோவுக்கு விற்கிறவரிடம் திரவம் ஓரளவு ஒத்துப்போகும். இயற்கைச் சாறு கூடுதலாக உள்ள கலவைகளில்தான் தடுக்கும், ஏனென்றால் ஒரு பூச்சாற்றுக்குள்ளேயே நூற்றுக்கணக்கான பொருட்கள் இருக்கின்றன. வாங்க நினைத்தால் மணிக்கட்டில் அடித்துவிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து முகர்ந்து பாருங்கள். முதல் பத்து நிமிட வாசத்தை எல்லாரும் நன்றாகவே செய்வார்கள். இன்னொன்று, தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள், எலுமிச்சை, தோடை வாசமுள்ளவை முதலில் கெடும். சரி தம்பி, முடித்துவிட்டேன். நன்றி நேயர்களே, வணக்கம்.