முனீமுக்கு ஏன் 499 ரூபாய் கிடைக்கவில்லை?

(முதலாண்டு சட்ட மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, இந்த வயதிலும் நேரில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, என்னை இங்கே அழைத்து வந்த ஒப்பந்தச் சட்டப் பேராசிரியர் அம்மா அவர்களே, நூலகர் அவர்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். நூலகரைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

ஒரு தீர்ப்பைச் சுருக்கி எழுதும்போது சங்கதிகள், எழுவினா, முடிவு, காரணம் என்று நான்காகப் பிரிக்கிறோம். நான்கையும் பற்றிப் பேச வேண்டும், மாறுபட்ட தீர்ப்புரைகளைப் பற்றியும் பேச வேண்டும் என்று குறிப்பெடுத்து வந்திருக்கிறேன். எது நடந்தாலும், "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்ற பழமொழியை மட்டும் விடமாட்டேன்.

நான் முதலாண்டு படித்தபோது ஒரு மாதிரி நீதிமன்றப் போட்டி. என் கையில் ஒரு கைடு. அதில் லால்மன் சுக்லா எதிர் கௌரி தத், 1913, அலகாபாத் உயர் நீதிமன்றம் என்று போட்டு, கீழே ஒரே வரி: "முன்மொழிவு தெரியாமல் ஏற்பு இல்லை." அதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். என் கட்சிக்காரர் வெகுமதி அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் பொருளைத் தேடப் போனார், அதனால் லால்மன் வழக்கு அவரைத் தடுக்காது என்று பத்து நிமிடம் வாதாடினேன். கூட்டம் கை தட்டியது. எதிரில் நின்ற மாணவி ஒன்றும் சொல்லாமல் சட்ட அறிக்கைத் தொகுதியைத் திறந்தார். "உங்கள் கட்சிக்காரர் சம்பளம் வாங்கும் காவலாளி. தேடுவதே அவர் வேலை. இந்தத் தீர்ப்பின் இன்னொரு காரணத்தைப் படித்தீர்களா?" என்று கேட்டார். நான் படிக்கவில்லை. அந்தத் தொகுதியைக் கையால்கூடத் தொட்டதில்லை. அன்று தோற்றதைவிட, ஒரு கட்சிக்காரரின் வழக்கைப் படிக்காமலே பேசினேன் என்பதுதான் இன்றும் எனக்கு வலிக்கிறது. தீர விசாரிப்பதே மெய்!

சரி, அந்தத் தீர்ப்பையே எடுத்துக்கொள்வோம். கௌரி தத்தின் உடன்பிறந்தாரின் மகன் வீட்டை விட்டுப் போய்விடுகிறான். அவர் தன் முனீமான, அதாவது கணக்குப்பிள்ளையான லால்மனை, ரயில் கட்டணமும் செலவுக்குப் பணமும் கொடுத்து, ஹரித்வாருக்கு அனுப்புகிறார். லால்மன் கிளம்பிய பிறகு, பையனைக் கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் என்று துண்டறிக்கை வெளியாகிறது. லால்மன் பையனை ரிஷிகேஷில் கண்டுபிடிக்கிறார். பல மாதம் கழித்து வேலை போகிறது. அப்புறம்தான் வெகுமதியில் 499 ரூபாய் கேட்டு வழக்குப் போடுகிறார். கீழ் நீதிமன்றத்தில் தோற்று, சீராய்வுக்கு வருகிறார்.

இதில் எதை எழுதுவது, எதை விடுவது? ஒரு சங்கதியை மாற்றிப் பாருங்கள். ஹரித்வாருக்குப் பதில் வேறு ஊர் என்றால் முடிவு மாறுமா? மாறாது, விட்டுவிடலாம். வேலை போனது வழக்குப் போட அவரைத் தூண்டியிருக்கலாம், ஆனால் முடிவைத் தீர்மானிக்கவில்லை. அவர் பணியாளர் என்பதும், அறிவிப்புக்கு முன்பே அனுப்பப்பட்டார் என்பதும் அப்படியல்ல. அவற்றை எடுத்துவிட்டால் வழக்கே வேறு.

எழுவினாவை "வெகுமதி கிடைக்குமா?" என்று எழுதினால் அது வெறும் கேள்வி. அந்த முக்கியச் சங்கதிகள் அதற்குள் இருக்க வேண்டும்: "தேடுவதற்காக ஏற்கெனவே அனுப்பப்பட்ட பணியாளர், பின்னர் அறிவிக்கப்பட்ட வெகுமதியை ஒப்பந்தப்படி கோரலாமா?" முடிவு அதற்கு ஒரே வரிப் பதில்: கோர முடியாது. "மனு தள்ளுபடி" என்பதை முடிவாக எழுதிவிடாதீர்கள். அது நீதிமன்றம் போட்ட உத்தரவு. முடிவு என்பது சட்டக் கேள்விக்கான விடை.

காரணம் என்ற இடத்தில்தான் கைடுகள் ஏமாற்றுகின்றன. நீதிபதி பானர்ஜி இரண்டு சொல்கிறார். முன்மொழிவு தெரியாமல் ஏற்பு இல்லை என்பது ஒன்று. தேட வேண்டிய கடமை லால்மனுக்கு முன்பே இருந்தது, ஆகவே அவர் செய்தது அந்த வாக்குறுதிக்கு மறுபயன், அதாவது ஈடாகத் தரும் பயன், ஆகாது என்பது மற்றொன்று. சம்பளக்காரர் அல்லாத ஒருவர் அறிவிப்பைப் பார்க்காமல் பையனைக் கண்டுபிடித்தால் முதல் காரணம் அவரைத் தடுக்கும். அறிவிப்பைப் படித்துவிட்டே போன பணியாளரை இரண்டாவது தடுக்கும். ஒன்றை மட்டும் எழுதி வைத்தவர், என்னைப் போல, தவறான இடத்தில் இந்த வழக்கை மேற்கோள் காட்டுவார்.

அதனால்தான் சொல்கிறேன், தீர்ப்புக்கு மேலே அச்சிடப்படும் சுருக்கமான ஹெட்நோட் கூட தீர்ப்பு அல்ல. அது தொகுப்பாளர் எழுதியது. தீர விசாரிப்பதே மெய்! முதல்வர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உள்மதிப்பீட்டுக்கு வரும் ஒவ்வொரு சுருக்கத்திலும் காரணத்துக்கு எதிரே தீர்ப்பின் பக்க எண் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். நூலகர் அவர்களே, சட்ட அறிக்கைத் தொகுதிகளைப் பூட்டிய அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, மாணவர் கைக்கு எட்டும் தட்டில் வையுங்கள். மாறுபட்ட தீர்ப்புரைகளுக்கு இன்று நேரமில்லை, பேராசிரியர் அம்மா வகுப்பில் எடுப்பார். நன்றி, வணக்கம்.