திரை முழுவதும் வைரஸ் எச்சரிக்கை வந்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

தேர்வு முடிவு பார்க்க ஏதோ ஓர் இணையதளத்தைத் திறக்கிறீர்கள். எங்கோ கிளிக் செய்ததும் திரை முழுவதையும் ஒரு நீலப் பக்கம் அடைத்துக்கொள்கிறது. மைக்ரோசாஃப்ட் சின்னம், காதைத் துளைக்கும் எச்சரிக்கை ஒலி. ‘உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மவுஸ் அம்புக்குறியையும் காணவில்லை.

இது வெறும் இணையப் பக்கம். உங்கள் கணினியைச் சோதித்து வைரஸைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் ஓர் இணையப் பக்கத்துக்குக் கிடையாது. திரையை நிறைப்பதற்குக்கூட உங்களுடைய ஒரு கிளிக் அதற்குத் தேவைப்பட்டது. அம்புக்குறியை மறைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பொய்யென்று அறிய அந்தத் தொலைபேசி எண்ணே போதும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் அழைப்பதற்கான எண் இருப்பதில்லை.

முதலில் ஒலியை நிறுத்துங்கள். சத்தம் ஓய்ந்தாலே பாதிப் பதற்றம் தணிந்துவிடும். அந்தப் பக்கத்தில் தெரியும் பொத்தான் எதையும் தொடாதீர்கள். மூடுவதற்கான பெருக்கல் குறிகூட வெறும் படமாக இருக்கலாம். பிறகு, விசைப்பலகையின் இடது மேல் மூலையில் உள்ள Esc விசையைச் சில விநாடிகள் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். தட்டினால் போதாது, பிடிக்க வேண்டும். பெரும்பாலும் முழுத்திரை விலகி, பிரவுசரின் மேல்பட்டை தெரியும். அங்கே அந்தத் தாவலை மூடிவிடலாம்.

அதற்கும் மசியவில்லை என்றால் Ctrl, Alt, Delete மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இந்தக் கட்டளை நேரே விண்டோஸுக்குப் போகிறது, எந்த இணையப் பக்கமும் இதை மறிக்க முடியாது. வரும் பட்டியலில் Task Manager என்பதைத் தேர்ந்து, உங்கள் பிரவுசரின் பெயரைக் குறித்து, End task கொடுங்கள். மேக் கணினியில் Command, Option, Esc மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இதே வேலை நடக்கும்.

மீண்டும் பிரவுசரைத் திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கவா என்று Restore பொத்தானோடு ஒரு கேள்வி வரலாம். அதை ஒப்புக்கொண்டால் அதே பக்கம் திரும்ப வந்து நிற்கும். மறுத்துவிடுங்கள்.

யாராவது ஏற்கெனவே அந்த எண்ணை அழைத்து, அவர்கள் சொன்ன செயலியை நிறுவியிருந்தால் நிலைமை வேறு. உண்மையான ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது, ஏனெனில் கணினி இப்போது அவர்கள் கையில். உடனே இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தயங்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, அந்தப் பணம் கைமாறுவதற்குள் தடுத்து நிறுத்தும் வாய்ப்பும் அவ்வளவு கூடும். கடவுச்சொற்களைப் பாதிக்கப்படாத வேறொரு கருவியில் மாற்றுங்கள். அந்தச் செயலியை நீக்கி, கணினியை முழுதாகச் சோதிக்கும் வரை அதில் வங்கி வேலை எதுவும் வேண்டாம்.