காபித்தூள் விலையை ஏற்றப் போகிறீர்களா? இந்த வரியை மட்டும் எழுதாதீர்கள்!

[திரையில்: கடைச் சுவரில் ஒட்டிய ஒரு வெள்ளைத் தாள்]

"தவிர்க்க முடியாத காரணங்களால் இன்று முதல் விலை உயர்த்தப்படுகிறது. வாடிக்கையாளர்கள் ஒத்துழைக்க வேண்டுகிறோம்."

இந்தத் தாளைப் பார்க்காத ஆள் தமிழ்நாட்டில் உண்டா? என்ன காரணம்? சொல்ல மாட்டார்கள். எவ்வளவு ஏற்றம்? கல்லாவில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எப்போதிலிருந்து? நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறீர்களே, இப்போதிலிருந்து! ஆனால் ஒத்துழைப்பு மட்டும் நம்மிடமிருந்து வேண்டும்.

வணக்கம் மக்களே. காபிக் கொட்டை வறுத்து அரைத்து விற்கிற ஒரு சின்னக் கடை, வாடிக்கையாளரை இழக்காமல் விலை உயர்வை எப்படிச் சொல்லலாம் என்பதுதான் இன்றைய வீடியோ. மளிகை, மாவு, பால் வியாபாரம் செய்கிறவர்களும் இருங்கள், போய்விடாதீர்கள்.

[திரையில்: காபிச் செடி, பிரேசில் வரைபடம்]

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். 2024-இல் பிரேசிலில் வறட்சி, வியட்நாமிலும் வறட்சி. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அதுவரை இல்லாத உச்சம். அங்கே விலை ஏறினால் குடகிலும் சிக்மகளூரிலும் ஏறும். அவ்வளவுதான் பின்னணி.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கடையில் 80:20 தூள் கிலோ 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி. பச்சைக் கொட்டை விலை கிலோவுக்கு 100 ரூபாய் ஏறிவிட்டது. கிலோ தூளில் காபி 800 கிராம்தானே, அப்படியானால் 80 ரூபாய் ஏற்றினால் போதுமே என்று தோன்றும். போதாது. கொட்டையை வறுக்கும்போது ஈரம் போய் எடை குறையும். வறுவலைப் பொறுத்து 15 முதல் 20 சதவீதம் வரை. ஆக 800 கிராம் வறுத்த கொட்டைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ பச்சைக் கொட்டை வேண்டும். கடைக்காரருக்கு ஏறிய செலவு ஏறக்குறைய 100 ரூபாய். ஒரு டம்ளர் காபிக்கு 10 கிராம் தூள் என்றால் டம்ளருக்கு ஒரு ரூபாய்.

இங்கேதான் சபலம் வரும். விலையைத் தொடாமல் சிக்கரியை 20-லிருந்து 35 ஆக்கிவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? அம்மாவுக்குத் தெரியும், ஐயா! டிகாக்ஷன் கன்னங்கரேலென்று இறங்கும், வாசனை இருக்காது, நாக்கில் ஒரு கசப்பு கலந்த இனிப்பு ஒட்டும். ஒரே வாரத்தில் "தூள் மாறிப்போச்சு" என்று தெரு முழுக்கப் பேச்சாகிவிடும். சட்டமும் சும்மா விடாது. காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, எது எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் போட வேண்டும். போட்டது 20, உள்ளே 35 என்றால் அது விலை உயர்வில்லை, ஏமாற்று வேலை.

[திரையில்: சிவப்புத் தபால் உறை]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதை. நெட்ஃபிளிக்ஸ், 2011. அப்போது அமெரிக்காவில் அவர்கள் டிவிடியைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். டிவிடியும் இணையத்தில் படம் பார்ப்பதும் சேர்ந்து மாதம் 9.99 டாலர். ஜூலை 12 அன்று ஓர் அறிவிப்பு வருகிறது. என்னவென்று? இனி டிவிடிக்கென்றே தனித் திட்டம், மாதம் 7.99 டாலர், இதுவரை இல்லாத குறைந்த விலை! ஆகா, விலை குறைகிறது போலிருக்கிறது என்று நினைக்கிறீர்கள். அப்புறம் கீழே போனால் விஷயம் தெரியும். இணையத்துக்கு இன்னொரு 7.99. இரண்டும் வேண்டுமென்றால் 15.98. அதாவது 60 சதவீத ஏற்றத்தின் மீது 'தள்ளுபடி' என்று ஜிகினா ஒட்டியிருக்கிறார்கள்!

பழைய வாடிக்கையாளருக்குச் செப்டம்பர் வரை அவகாசம் கொடுத்தார்கள். நல்ல அவகாசம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தக் காலாண்டில் அமெரிக்காவில் 8 லட்சம் சந்தாதாரர்கள் குறைந்தார்கள். செப்டம்பர் 18 அன்று தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், சொதப்பிவிட்டேன் என்று மன்னிப்புக் கடிதம் எழுதினார். அதோடு நிறுத்தினாரா? அதே கடிதத்தில், டிவிடி வியாபாரத்தை 'குவிக்ஸ்டர்' என்று தனியாகப் பிரிக்கப் போகிறோம் என்றார். இரண்டு இணையதளம், இரண்டு பில். மன்னிப்புக் கேட்கும் கடிதத்தில் யாராவது புதுத் தலைவலி கொடுப்பார்களா? அக்டோபர் 10 அன்று குவிக்ஸ்டரைக் கைவிட்டார்கள். விலையை மட்டும் இறக்கவில்லை. கடைசிவரை அவர்களுக்கு அந்த விலை தேவையாகத்தான் இருந்திருக்கிறது. அதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்ட்டில் சண்டைக்கு வாருங்கள்.

நம் காபிக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்:

[திரையில்: செய்தி]

"வணக்கம். ஜூன் 15 முதல் நம் கடை 80:20 காபித்தூள் கிலோ 800 ரூபாய். இப்போது 700. பச்சைக் கொட்டை எங்களுக்குக் கிலோவுக்கு 100 ரூபாய் ஏறியிருக்கிறது. சிக்கரியைக் கூட்டவில்லை, அதே 20 சதவீதம்தான். ஜூன் 14 வரை பழைய விலைக்கே வாங்கலாம். முன்பணம் கட்டியவர்களுக்கு அந்தக் கணக்கு முடியும்வரை பழைய விலைதான். செலவு கூடுகிறது என்று நினைப்பவர்களுக்கு 70:30 தூள் கிலோ 730 ரூபாய்க்குக் கிடைக்கும்."

முதல் வரியிலேயே தேதியும் விலையும் வந்துவிட்டன. காரணம் ஒன்றே ஒன்று. கடை வாடகை, கரண்ட் பில், பையன் காலேஜ் ஃபீஸ் என்று அடுக்கினால், படிக்கிறவருக்கு "எனக்கும்தான் இருக்கு" என்று தோன்றும். டம்ளருக்கு ஒரு ரூபாய் கணக்கை நான் வேண்டுமென்றேதான் செய்தியில் போடவில்லை. "ஒரு ரூபாய்தானே" என்று நாம் சொன்னால் குத்தும். யாராவது கல்லாவில் கேட்டால் சொல்லுங்கள், அப்போது அது பதில்.

வாட்ஸ்அப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் போகும். மற்றவர்களுக்காகக் கடையில் பலகை வேண்டும், அதே சொற்களோடு. கல்லாவில் இருக்கிற பையனும் அதே காரணத்தைச் சொல்ல வேண்டும். அவன் "முதலாளி ஏத்திட்டாருங்க" என்றால் எல்லாம் போச்சு. பழைய எம்ஆர்பி அச்சிட்ட பாக்கெட் மிச்சமிருந்தால் அதை அந்த விலைக்குத்தான் விற்க வேண்டும், மேலே புது ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது.

டீக்கடை, ஹோட்டல்காரர்களுக்குச் செய்தி போதாது, போன் செய்யுங்கள், அதுவும் முன்கூட்டியே. உங்கள் விலை ஏறினால் அவர்களும் தங்கள் காபி விலையை ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டுமே.

இன்னொன்று. கொட்டை விலையைக் காரணம் காட்டினால், அது இறங்கும்போது "எப்ப சார் குறைப்பீங்க?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். கேட்கிறவர் உங்களைவிட உன்னிப்பாகப் பேப்பர் படிக்கிற ரிட்டயர்டு ஆளாக இருப்பார். கையிருப்பு விலை இறங்குவதற்கு முன் வாங்கியதென்றால், "இந்தச் சரக்கு தீர்ந்ததும் குறைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே குறையுங்கள். ஐம்பது ரூபாய் குறைத்தாலும் சரி, அதற்கும் தேதி போட்டு ஒரு செய்தி அனுப்புங்கள்.

சிக்கரியே இல்லாத தூளா, 80:20-ஆ, உங்கள் வீட்டில் எது? கமெண்ட்டில் சொல்லுங்கள்.