காலைச் சிற்றுண்டியும் கல்லாவும்

வணக்கம், நேயர்களே. சிற்றுண்டிக் கடை நடத்துபவர்களுக்காக ஒரு கணக்கோடு வந்திருக்கிறேன்.

உங்கள் கடையில் இரண்டு இட்லி 30 ரூபாய், வடை 15, காபி 25 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக வாங்கினால் 70. மூன்றையும் சேர்த்து 60 ரூபாய் என்று பலகை எழுதுகிறீர்கள். வழக்கமாக இட்லியும் காபியும் சாப்பிட்டு 55 ரூபாய் கொடுப்பவர் இப்போது 60 கொடுக்கிறார். பில் 5 ரூபாய் கூடிவிட்டது. ஆனால் உளுந்து, எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு வடைக்கு 6 ரூபாய் அடக்கம் என்றால், அவரிடம் ஒரு ரூபாய் நஷ்டம். சராசரி பில் ஏறுகிறது, கல்லா இறங்குகிறது.

விலையை 65 ஆக்கினால் அவரிடம் 4 ரூபாய் மிஞ்சும். ஆனால் நூறு பேரில் இருபது பேர் முன்பே மூன்றையும் வாங்குபவர்கள் என்றால், அவர்களுக்கு ஆளுக்கு 5 ரூபாயைச் சும்மா விட்டுக்கொடுக்கிறீர்கள். அந்த 100 ரூபாயை ஈடுகட்டவே 25 பேர் புதிதாக வடைக்கு வர வேண்டும்.

அதனால் ஏற்கெனவே நன்றாக ஓடும் பண்டத்தைத் தொகுப்பில் சேர்க்காதீர்கள். இட்லி, காபியோடு 20 ரூபாய்க் கேசரியையும் வாங்குபவர் நூற்றில் ஐந்து பேர்தான் என்றால், 75 ரூபாய்த் தொகுப்பை 70-க்குக் கொடுங்கள். கேசரியின் அடக்கம் 8 ரூபாய் என்றால், புதிதாக வாங்கும் ஒவ்வொருவரிடமும் 7 ரூபாய் நிற்கும். நான்கு பேர் வந்தாலே விட்டுக்கொடுத்த 25 ரூபாய் திரும்பிவிடும். எது எதனோடு எத்தனை முறை விற்கிறது என்பதை, பலகை எழுதும் முன் ஒரு வாரப் பில்களைப் புரட்டிப் பாருங்கள்.

அடுத்தது, சப்ளையர் சொல்லும் ஒரு வார்த்தை. "வேறென்ன சார் வேண்டும்?" என்றால் "போதும்" என்றுதான் பதில் வரும். "கேசரி இப்போதுதான் இறக்கினோம், ஒரு கிண்ணம் வைக்கட்டுமா?" என்று ஆர்டர் எடுக்கும்போதே கேட்க வேண்டும். பில் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தவரிடம் கேட்பது தொந்தரவு. வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். தனி இட்லி கேட்டவருக்குத் தனி இட்லி முகம் சுளிக்காமல் வர வேண்டும். கேட்காத வடையை மேசையில் கொண்டுவந்து வைப்பதும், சில்லறைக்குப் பதில் மிட்டாயை நீட்டுவதும் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத வழக்கங்கள். கூட்டத்தின் நடுவே மறுக்கக் கூச்சப்பட்டு வாங்கிக்கொள்பவர் சண்டை போடமாட்டார், மறுநாள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

அது கணக்கிலும் தெரியும். சராசரி பில்லை மட்டும் பார்க்காமல், அதே கிழமையில் போன மாதம் எத்தனை பில்கள், இந்த மாதம் எத்தனை என்றும் எழுதிவையுங்கள். சராசரி ஏறி, வேறு காரணமில்லாமல் பில்களின் எண்ணிக்கை வாராவாரம் குறைந்தால், உங்கள் ஆட்கள் வாடிக்கையாளரை நெருக்குகிறார்களா என்று முதலில் பாருங்கள். விற்ற கேசரிக்கு இவ்வளவு என்று சப்ளையருக்கு ஊக்கத்தொகை வைத்திருந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள்.